செயலி மாறினாலும் அனுமதி மாறாது

ஐரிக்கார்டர் என்ற செயலி 2021 செப்டம்பரில் கூகுள் பிளே ஸ்டோருக்கு வந்தது. போன் திரையில் நடப்பதை வீடியோவாகப் பதிவுசெய்வது அதன் வேலை. அதை ஒழுங்காகவே செய்துகொண்டிருந்தது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2022 ஆகஸ்டில், 1.3.8 என்ற பதிப்பு வந்தது. அதில் உளவு பார்க்கும் நிரல் சேர்ந்திருந்தது. செயலி மைக்கை இயக்கி, சுற்றிலும் கேட்பதைப் பதிவுசெய்து வெளியே இருந்த ஒரு சர்வருக்கு அனுப்பியது. போனில் உள்ள சில வகைக் கோப்புகளையும் எடுத்து அனுப்ப வல்லதாக இருந்தது. இசெட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்து 2023 மே மாதம் வெளியிட்டார்கள். அதற்குள் 50,000 தடவைக்கு மேல் அது இறக்கப்பட்டிருந்தது.

ஏற்கெனவே அந்தச் செயலியை வைத்திருந்தவர்களிடம் 1.3.8 புதிதாக ஓர் அனுமதியும் கேட்கவில்லை. திரைப்பதிவுச் செயலிக்கு மைக்கும் கோப்புகளும் தேவை என்று முதல் நாளே ஒப்புக்கொண்டு ‘Allow’ அழுத்தியிருந்தார்கள். அந்த ஒப்புதலே உளவு நிரலுக்கும் போதுமானதாக இருந்தது.

இது எப்படி நடக்கிறது என்பது புரிய, செயலியின் அப்டேட்டை ஆண்ட்ராய்டு எப்படிப் பார்க்கிறது என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு செயலிக்கும் மாறாத ஓர் உட்பெயர் உண்டு. அதை உருவாக்கியவரின் மின்னணுக் கையொப்பமும் உண்டு. புதிய பதிப்பு வரும்போது போன் சோதிப்பது இவற்றைத்தான்: உட்பெயர் அதுவேதானா, கையொப்பம் பொருந்துகிறதா, பதிப்பு எண் பழையதைவிடக் குறையாமல் இருக்கிறதா. பொருந்தினால் பழைய நிரலை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். நீங்கள் சேமித்த தகவல்களும் கொடுத்த அனுமதிகளும் அப்படியே தொடரும். வாடகைக்கு வந்தவரிடம் கொடுத்த சாவி, அவர் வீட்டுக்குள் யாரைக் கூட்டிவந்தாலும் அவரிடமே இருப்பதைப் போல. கையொப்பம் பொருந்தாவிட்டால் நிறுவ மறுத்துவிடும். ‘பழைய செயலியை நீக்கிவிட்டு இந்த ஃபைலைப் போடுங்கள்’ என்று யாராவது ஏ.பி.கே. அனுப்பினால் சந்தேகப்பட வேண்டியது இதனால்தான். பழையது நீங்கிவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்கப் போனிடம் கையொப்பமே இருக்காது.

அப்டேட்டில் புதிய அனுமதி தேவைப்பட்டால்? 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6க்கு முன்பு அனுமதிகள் எல்லாம் நிறுவும்போதே மொத்தமாகக் கேட்கப்பட்டன. இப்போது கேமரா, மைக், இருப்பிடம், தொடர்பு எண்கள் போன்ற முக்கியமானவற்றைச் செயலி பயன்படுத்த முற்படும்போதுதான் திரையில் கேள்வி வரும். ஆகவே இரவில் தானாக அப்டேட் ஆன செயலி, நான்கு நாள் கழித்து நீங்கள் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தும்போது இருப்பிடம் கேட்கலாம். அந்தக் கேள்விக்கும் அந்த அப்டேட்டுக்கும் உள்ள தொடர்பு நம் கண்ணில் படாது. நேற்றுவரை கேட்காத ஒன்றைச் செயலி இன்று கேட்டால், அது ஏன் வேண்டும் என்று நின்று யோசியுங்கள். மறுத்தாலும் மற்ற வேலைகளை அது பெரும்பாலும் செய்யும்.

கேள்வியே வராத வழிகளும் உண்டு. இணையத்தைப் பயன்படுத்துவது போன்ற சாதாரண அனுமதிகள் கேட்காமலே கிடைத்துவிடும். ஒரே குழுவைச் சேர்ந்த அனுமதிகளும் அப்படித்தான். தொடர்பு எண்களைப் படிக்க மட்டும் நீங்கள் அனுமதித்த ஒரு செயலி, அடுத்த பதிப்பில் அவற்றைத் திருத்தவும் அனுமதி கேட்டால், போன் உங்களிடம் வராமலே கொடுத்துவிடும்.

சிஸ்டம் அப்டேட் வேறு வகை. அனுமதி கேட்கும் விதிகளையே அது மாற்றுகிறது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும் இருப்பிடம் கொடுக்கும் வசதியைத் தந்தது. அடுத்த ஆண்டு வந்த 11, ‘இந்த ஒரு தடவை மட்டும்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தது. சில மாதங்கள் திறக்கப்படாத செயலிகளிடமிருந்து அனுமதிகளைத் தானே திரும்பப் பெறவும் தொடங்கியது. 12இல், மைக்கோ கேமராவோ இயங்கினால் திரையின் மேல் மூலையில் பச்சை அடையாளம் தெரியும். ஐரிக்கார்டர் போன்ற ஒன்றைக் கையோடு பிடிக்க உதவுவது இந்த அடையாளம்தான்.

சிஸ்டம் அப்டேட்டை அனுப்புவது பிளே ஸ்டோர் அல்ல, பெரும்பாலும் போனைத் தயாரித்த நிறுவனம். ஆண்ட்ராய்டு 7 முதல் பல போன்களில் சிஸ்டத்துக்கு இரண்டு இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றில் போன் ஓடிக்கொண்டிருக்க, மற்றதில் புதியது எழுதப்படும். ரீஸ்டார்ட் செய்ததும் போன் புதிய இடத்திலிருந்து எழும். எழ முடியாவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். எனவே இப்படிப்பட்ட போன்களில், இறங்கி முடிந்த அப்டேட்டும் ரீஸ்டார்ட் செய்யாதவரை நடைமுறைக்கு வராது. ‘பிறகு’ என்று தள்ளிக்கொண்டே போகிறவரின் போன் பழைய ஓட்டைகளுடனேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

போனின் செட்டிங்ஸில் ‘Android security update’ அல்லது ‘Security patch level’ என்ற தலைப்பில் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதிவரை வெளியான பாதுகாப்புத் திருத்தங்கள் உங்கள் போனில் இருக்கின்றன என்பது அதன் பொருள். பழைய போன்களில் இந்தத் தேதி ஏதோ ஒரு மாதத்தில் நின்றுபோயிருக்கும், ஏனென்றால் நிறுவனம் அந்த மாடலுக்குத் திருத்தம் அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஆனால் பிளே ஸ்டோரில் செயலிகள் வாராவாரம் அப்டேட் ஆகிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து, போன் நல்ல நிலையில் இருப்பதாகப் பலர் நம்பிவிடுகிறார்கள். செயலிகள் புதிதாக இருந்தாலும் அடியிலுள்ள சிஸ்டத்தின் ஓட்டை அடைபடாது.

இரண்டுக்கும் நடுவே நிற்கும் பகுதிகளும் இருக்கின்றன. செயலிகளுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் வெப்வியூ சிஸ்டத்தின் ஓர் உறுப்பு. ஆனால் அது அப்டேட் ஆவது பிளே ஸ்டோர் வழியாக. 2021 மார்ச்சில் உலகெங்கும் ஆண்ட்ராய்டு போன்களில் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் திறந்ததும் மூடிக்கொண்டன. போனே கெட்டுவிட்டதாகத் தோன்றியது. வெப்வியூவில் நேர்ந்த கோளாறுதான் காரணம். வெப்வியூவையும் குரோமையும் பிளே ஸ்டோரில் அப்டேட் செய்ததும் சரியாயிற்று. பல செயலிகள் ஒரே நாளில் இப்படி விழுந்தால் போனை அழித்து ரீசெட் செய்ய ஓடாதீர்கள். முதலில் பிளே ஸ்டோரில் இந்த இரண்டுக்கும் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியானால் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிடலாமா? பிளே ஸ்டோரின் Settings பகுதியில் Network preferences, அதற்குள் Auto-update apps என்று போனால் நிறுத்தவும் முடியும். நிறுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. வைஃபையில் மட்டும் என்று வைத்தால் டேட்டா மிச்சமாகும். ஏதாவது ஒரு செயலியின் அப்டேட்டில் மட்டும் தயக்கம் இருந்தால், பிளே ஸ்டோரில் அதன் பக்கத்துக்குப் போய், மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு Enable auto update என்பதில் உள்ள குறியை எடுத்துவிடலாம். எல்லாவற்றையும் நிறுத்தினால், கெட்ட பதிப்பு ஒன்று வராமல் போகக்கூடும். ஓட்டைகளை அடைக்கும் நல்ல பதிப்புகளும் அதனுடன் நின்றுபோகும். ஐரிக்கார்டரைக் கையாலேயே அப்டேட் செய்தவருக்கும் வந்தது அதே 1.3.8தான்.

குறைக்க வேண்டியது அனுமதிகளை. செட்டிங்ஸில் Permission manager என்பதைத் தேடித் திறந்தால், மைக் எந்தெந்தச் செயலிகளிடம் இருக்கிறது என்று ஒரே பட்டியலில் தெரியும். எப்போதாவது பயன்படுத்துபவற்றுக்கு ‘ஒவ்வொரு முறையும் கேள்’ என்று மாற்றுங்கள். எதற்கு என்றே தெரியாதவற்றுக்கு மறுத்துவிடுங்கள். பிறகு கேமராவுக்கும் இருப்பிடத்துக்கும் அதையே செய்யுங்கள்.