புகையான் வட்டமும் ட்ரோனின் கண்ணும்

சம்பா பொதி கட்டும் நாட்கள் நெருங்கிவிட்டன. புகையான் இறங்குவதும் இந்தச் சமயத்தில்தான். நோய் கண்ட இடத்தில் மட்டும் மருந்தடிக்கும் ட்ரோன் வருகிறது, மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டுங்கள் என்று டெல்டா கிராமங்களில் சொல்லிப் போகிறார்கள். கட்டலாமா என்று கேட்டு எங்களுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டு வேறு வேலைகளை ஒன்றாக நினைத்து எழுதப்பட்டவை.

மருந்தடிப்பது ஒரு வேலை. எங்கே அடிப்பது என்று கண்டுபிடிப்பது வேறு வேலை. நம் ஊருக்கு வரும் ட்ரோன்களில் பெரும்பாலானவை முதல் வேலையை மட்டுமே செய்கின்றன. வரப்பைக் குறித்துக் கொடுத்தால் ஏக்கர் முழுவதும் பத்து லிட்டரை ஒரே சீராகத் தூவிவிட்டு இறங்கும். திட்டுத் திட்டாக அடிக்க வேண்டுமானால், முதலில் கேமரா ட்ரோன் பறந்து படமெடுக்க வேண்டும். படங்களை ஒன்றாகத் தைத்து வயலின் வரைபடம் ஆக்கி, பயிற்றுவித்த மென்பொருள் ஒன்று அதில் நிறம் மாறிய இடங்களைக் குறிக்கும். அந்தக் குறிப்பை வாங்கிக்கொண்டு தெளிக்கும் ட்ரோன் அங்கே மட்டும் முனையைத் திறக்கும். முன்பணம் கட்டுவதற்கு முன் இந்த இரண்டில் எது வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மென்பொருள் பார்ப்பது பூச்சியை அல்ல, நிறத்தை. என்னை உறுத்துவது இதுதான். புகையான் மூன்று நான்கு மில்லிமீட்டர் இருக்கும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தூரில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். மேலே இலை மூடியிருப்பதால் வானத்திலிருந்து அதைப் பார்க்க வழியே இல்லை. கேமராவுக்குத் தெரிவது, சாறு போய்ப் பயிர் தீய்ந்தபின் உண்டாகும் பழுப்பு வட்டம் மட்டும்.

திருவாரூர்ப் பக்கம் ஓர் ஏக்கர் வயலில் இதை நேரில் பார்த்தேன். கைக்கணினித் திரையில் நான்கு சிவப்பு வட்டங்கள். வயலுக்குச் சொந்தக்கார அம்மா சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு முதல் வட்டத்துக்கு எங்களை அழைத்துப் போனார். நடுவில் இருந்த குத்து ஒன்றைச் சாய்த்துத் தட்டினேன். தண்ணீரில் மிதந்தவை வெள்ளைத் தோல்கள்தான். பூச்சிகள் சட்டை உரித்துவிட்டுப் போயிருந்தன. “காஞ்ச எடத்துல என்ன இருக்கும் தம்பி? அது சாப்பிட்டு முடிச்ச எலை. பக்கத்துப் பச்சையைத் தட்டிப் பாருங்க” என்றார். ஓர் எட்டு தள்ளி, கரும்பச்சையாக நின்ற குத்தைத் தட்டினார். எண்ணி முடிப்பதற்குள் இருபதைத் தாண்டிவிட்டது.

புகையான் நடுவிலிருந்து வெளியே நகரும். திரையில் சிவப்பாகத் தெரிவது அது விட்டுப்போன இடம். மருந்து விழ வேண்டியதோ அதைச் சுற்றி இன்னும் பச்சையாக நிற்கும் வளையத்தில். மென்பொருள் குறித்த திட்டில் மட்டும் அடிக்கச் சொன்னால், செத்த பயிருக்குத்தான் மருந்து போகும். நான்காவது வட்டத்தில் பூச்சியே இல்லை. போர் தண்ணீர் வந்து விழும் மூலை அது, உப்பில் மஞ்சளித்திருந்தது. மென்பொருளுக்கு அதுவும் ஒரு திட்டுதான்.

இனி கணக்கு. அந்த ஒரு ஏக்கரில் உண்மையான வட்டங்கள் மூன்று. ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் அகலம் என்று வையுங்கள். மூன்றும் சேர்ந்து பத்துச் சதுர மீட்டர்கூட வராது. இதைக் காட்டித்தான் ‘99 சதவீத மருந்து மிச்சம்’ என்று பேசுகிறார்கள். பச்சை வளையத்துக்காகச் சுற்றிலும் மூன்று மீட்டர் கூட்டினால் வட்டம் எட்டு மீட்டராகிறது. ட்ரோன் நொடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில் போகும்போது முனை அரை நொடி தாமதமாகத் திறந்தால் இரண்டு மீட்டர் தவறிவிடும். சாதாரண ஜிபிஎஸ்ஸும் இரண்டு மூன்று மீட்டர் பிசகும். ஆகவே வட்டத்துக்குப் பத்துக்குப் பத்து மீட்டர் அடித்தால்தான் நம்பிக்கை. மூன்றுக்கும் 300 சதுர மீட்டர், அதாவது ஏழரை சென்ட். அப்படியும் ஏக்கரில் பதின்மூன்றில் பன்னிரண்டு பங்கு தப்புகிறது. அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அந்த மிச்சம் யார் கைக்குப் போகிறது? ஏக்கருக்கு மருந்து 700 ரூபாய், ட்ரோன் வாடகை 500 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். முழு வயலுக்கும் அடித்தால் 1,200. திட்டில் மட்டும் அடித்தால் மருந்துச் செலவு ஐம்பதுக்கு இறங்கும், வாடகை இறங்காது. ட்ரோனை வண்டியில் ஏற்றிவர, பேட்டரி மாற்ற, ஓட்டுபவருக்கும் உதவியாளுக்கும் கூலி கொடுக்க ஆகும் செலவு அதேதான். படமெடுக்க 300 என்றால் மொத்தம் 850. புகையான் ஒரு வாரத்தில் நகர்ந்துவிடுவதால் மறுபடி ஒருமுறை படமெடுத்தாலே 1,150 ஆகிவிடும். ஒற்றை ஏக்கர்க்காரருக்கு மிஞ்சுவது ஐம்பது ரூபாய்.

இன்னொன்றும் உண்டு. ஏழரை சென்ட்டுக்கு ட்ரோன் அளவில் தேவைப்படும் கலவை முக்கால் லிட்டர். குழாயும் பம்பும் நிறையவே ஒரு பங்கு போய்விடும். அதே ஏழரை சென்ட்டுக்குக் கைத்தெளிப்பானில் பதினைந்து லிட்டர் போதும், கிட்டத்தட்ட ஒரு டேங்க். அதையும் குனிந்து தூரைப் பார்த்து அடிக்க முடியும். மேலிருந்து தூவும் ட்ரோனின் துளிகள் இலையிலேயே தங்கிவிடுகின்றன. இலையில் விழும் பெரும்பாலான ஊடுருவு மருந்துகளும் மேல்நோக்கித்தான் நகரும், பூச்சியிருக்கும் தூருக்கு இறங்குவது குறைவு.

அதனால் என் கருத்து இது: சிறு விவசாயி வாடகைக்கு எடுக்க வேண்டியது ட்ரோனின் பார்வையைத்தான். நாற்பது ஐம்பது ஏக்கரை ஒரே மூச்சில் படமெடுத்தால் ஏக்கருக்கு விழும் பங்கு சிறுத்துவிடும். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரவர் வயலில் இறங்கித் தட்டிப் பார்த்து, தூருக்கு ஒரு பூச்சிக்கு மேல் இருந்தால் அடிக்கலாம். சிலந்தி நிறைய இருந்தால் இரண்டு வரை பொறுக்கலாம். ஊர் சேர்ந்து செய்ய வேறொரு காரணமும் இருக்கிறது. வளையம் வரப்பைத் தாண்டும். பாதி வளையம் பக்கத்து வயலில் இருந்து, அவர் அடிக்காவிட்டால் பத்து நாளில் அது உங்களிடமே திரும்பும்.

மானியம் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். சிறு, குறு விவசாயிக்குப் பாதி விலை, அதிகபட்சம் 5 லட்சம் என்கிறது மத்திய அரசின் இயந்திரமயமாக்கல் திட்டம். 10 லட்சம் ரூபாய் ட்ரோனுக்கு மீதி 5 லட்சத்தை இரண்டு ஏக்கர்க்காரர் எங்கே போய்ப் புரட்டுவார்? 2023இல் அறிவித்த நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் மகளிர் குழுவுக்கு 80 சதவீதம், 8 லட்சம் வரை கிடைக்கும். ஆண்டுக்கு ஒரு லட்சமாவது கூடுதல் வருமானம் வரும் என்பது அரசின் கணக்கு. அந்தத் தொகுப்பில் தெளிப்புக் கருவி, கூடுதல் பேட்டரி, காற்றுவேகமானி எல்லாம் உண்டு. திட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் அதில் சேரவில்லை. குழு சம்பாதிப்பதும் ஏக்கர் கணக்கில்தான். திட்டில் மட்டும் அடித்துக் கொடுத்தால் அவர்களுக்கு நஷ்டம் வராதபடி கூலியை மாற்றியமைக்காமல் இந்த முறை ஊருக்குள் வராது.

மற்ற கேள்விகள்:

குலைநோய்க்கு உதவுமா? புள்ளி தெரிவதற்கு நான்கைந்து நாள் முன்பே பூஞ்சாணம் உள்ளே போயிருக்கும். திட்டில் மட்டும் அடிப்பதை நம்ப வேண்டாம்.

ஒரே இடத்தில் நிறுத்தி அடிக்கலாமா? கூடாது. ட்ரோன் கலவை கைத்தெளிப்பான் கலவையைவிடப் பல மடங்கு அடர்த்தி, பயிர் கருகும்.

மருந்தடிக்காமலே குறைக்க வழி? எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடுவது, யூரியாவைக் குறைப்பது, கண்டவுடன் தண்ணீரை வடிப்பது.

முன்பணம் கட்டிவிட்டேன், என்ன செய்ய? பறந்த அன்றே வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். முனை எங்கெங்கே திறந்தது என்ற பதிவையும் கேளுங்கள். முனை சிவப்புக்குள் மட்டும் திறந்திருந்தால், அடுத்த நாள் காலை வளையத்தின் பச்சைக் குத்தைத் தட்டிப் பாருங்கள்.