காலரைத் திருப்பிய இரவு

விடிந்தால் மகனுக்கு முதல் இன்டர்வியூ. இருக்கும் ஒரே வெள்ளைச் சட்டையில் காலர் மடிப்பு நைந்து நூல் தெரிந்தது. அம்மா பிளேடு முனையால் தையலைப் பிரித்து, கழுத்துப் பட்டியிலிருந்து காலரை மட்டும் எடுத்தாள். அடியில் மறைந்திருந்த பக்கம் புதுசாகவே இருந்தது. அது மேலே வரும்படி திருப்பினாள். காலரையும் பட்டியையும் இரண்டாக மடித்து, நடுவில் சாக்பீஸால் குறித்தாள். நடு தவறினால் ஒரு முனை முன்னால் நீண்டுவிடும். குறிகளைச் சேர்த்துக் குண்டூசி குத்தி, நடுவிலிருந்து இருபக்கமும் தைத்தாள்.

"போட்டுப் பாருடா."

பட்டன் மாட்டினான். இரண்டு முனையும் சமமாக நின்றன.

"நல்லாருக்கும்மா."

"இன்னொரு தடவை திருப்ப முடியாது. நைஞ்ச பக்கம் இப்ப அடியில இருக்கு. முதல் சம்பளத்துல புதுச் சட்டை எடுத்துக்கோ."