நீல டிக் வந்தும் பதில் இல்லை

தோழிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார் ஒரு பெண். நீல டிக் வந்தும் பதில் இல்லை. ‘என்னை ஒதுக்குகிறாள்’ என்பது எண்ணம். வருத்தம், நூற்றுக்கு 70 என்பது உணர்வு. மறுநாள் தோழியைப் பார்த்தும் பேசாமல் போவது செயல். அதைக் கண்டு தோழியும் விலக, முதல் எண்ணம் இன்னும் உறுதியாகிறது. ஆரன் பெக் 1960களில் தொடங்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இந்தச் சுழலைத்தான் தாளில் வரைந்து பார்க்கிறது.

பயிற்சி பெறுபவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. ‘ஒதுக்கப்பட்டதாக உணர்கிறேன்’ என்பதை உணர்வுக் கட்டத்தில் எழுதிவிடுவார்கள். அது எண்ணம், அடியில் இருக்கும் வருத்தமே உணர்வு. வருத்தத்தை நேராகக் குறைப்பது கடினம். எண்ணத்தையோ செயலையோதான் தொட முடியும். இந்தப் பெண்ணுக்குச் செயலில் தொடங்குவதே நல்லது: தோழியிடம் நேரில் கேட்கட்டும், பிறகு வருத்தத்துக்கு மீண்டும் மதிப்பெண் போடட்டும். தோழி உண்மையிலேயே ஒதுக்கியிருந்தால், திருத்த வேண்டியது எண்ணத்தை அல்ல, உறவுச் சிக்கலை.