மாத்திரைக்கு அடங்காத சீழ்ப்புண்

நம் குழு உறுப்பினர் ஒருவருக்கு மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கும்போது அரிவாள் காலில் பட்டுவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி அமாக்சிசிலின் வாங்கிச் சாப்பிட்டார். கேட்கவில்லை. அடுத்து குளோக்சசிலின். அதற்கும் கேட்கவில்லை. கால் வீங்கி, குளிர் காய்ச்சல் வந்தபிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே தினமும் இரண்டு வேளை டிரிப்ஸில் மருந்து ஏற்றினார்கள். குழுவில் கடன் வாங்கித்தான் செலவு செய்தார். "ஏனுங்க, முதல்லயே இந்த மருந்தைக் குடுத்திருக்கக் கூடாதுங்களா?" என்று கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

கிருமி கட்டும் சுவர்

புண்ணில் சீழ் வைப்பது பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி. பத்துப் பேரில் மூன்று பேருக்கு மூக்கினுள்ளேயே இது சும்மா இருக்கும். தோல் கிழிந்தால் உள்ளே புகுந்துவிடும்.

இந்தக் கிருமி தன்னைச் சுற்றி ஒரு சுவர் கட்டிக்கொண்டுதான் உயிர் வாழ்கிறது. சுவர் கட்டும் செங்கல் ஒவ்வொன்றிலும் ஒரு வால் உண்டு. கிருமிக்குள் இருக்கும் ஒரு புரதம்தான் கொத்தனார். அது வாலைப் பிடித்து ஒரு செங்கல்லை இன்னொன்றோடு பிணைக்கிறது.

பெனிசிலின் மருந்து பார்க்க அந்த வால் மாதிரியே இருக்கும். கொத்தனார் ஏமாந்து அதைப் பிடித்தால் கை ஒட்டிக்கொள்ளும், விடுபடாது. சுவர் வேலை நின்றுபோகும், கிருமி வெடித்துச் சாகும். அதனால்தான் இதற்குப் 'பெனிசிலினைப் பிடிக்கும் புரதம்' என்று பெயர். நம் உடம்பின் செல்களுக்கு இந்தச் சுவர் கிடையாது. அதனால் மருந்து நம்மை விட்டுவிடுகிறது.

கொத்தனாரை மாற்றிய கிருமி

முதலில் கிருமிகள் பெனிசிலினை வெட்டிப்போடும் ஒரு பொருளைச் சுரந்து தப்பித்தன. அந்த வெட்டுக்கு ஈடுகொடுக்கவே மெத்திசிலின் என்ற மருந்து வந்தது. ஆனால் 1961-லேயே இங்கிலாந்தில் அதற்கும் அடங்காத கிருமி கண்டுபிடிக்கப்பட்டது.

இந்த முறை கிருமி மருந்தை வெட்டவில்லை. மெக்-ஏ என்ற மரபணுவை வெளியிலிருந்து பெற்று, வேறொரு கொத்தனாரை உருவாக்கிக்கொண்டது. இவர் கை இறுக்கமானது. போலி வால் அதில் சரியாக உட்காராது, நிஜ வால் மட்டும் உட்காரும். பழைய கொத்தனார் கை கட்டுண்டு கிடந்தாலும் இவர் சுவரைக் கட்டி முடித்துவிடுகிறார். அமாக்சிசிலின், குளோக்சசிலின், செஃபலெக்சின் எல்லாம் அதே போலி வால் வகைதான். ஒன்று தோற்றால் அநேகமாக எல்லாமே தோற்கும். நம் உறுப்பினர் மாத்திரையை மாற்றியும் பயன் இல்லாமல் போனது இதனால்தான்.

இது எங்கோ தூரத்து விஷயம் இல்லை. தமிழ்நாட்டில் பல இடங்களில் எடுத்து 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளிகளிடம் கிடைத்த இந்தக் கிருமிகளில் நூற்றுக்கு 31 மெத்திசிலினுக்கு அடங்காதவை. ஆனால் அத்தனையும் வான்கோமைசினுக்கு அடங்கின.

வான்கோமைசின் எப்படி வேலை செய்கிறது?

வான்கோமைசின் கொத்தனார் பக்கமே போவதில்லை. நேராகச் செங்கல்லின் வாலைப் போய் மூடிக்கொள்கிறது. வால் மூடிவிட்டால் எந்தக் கொத்தனார் வந்தாலும் பிடிக்க முடியாது. அதனால்தான் மற்றவை தோற்ற இடத்தில் இது கைகொடுக்கிறது.

அப்படியானால் முதலிலேயே ஏன் கொடுப்பதில்லை? சாதாரணக் கிருமியாக இருந்தால் குளோக்சசிலின்தான் இதைவிட வேகமாகக் கொல்லும். வான்கோமைசினை வாயால் சாப்பிட்டால் இரத்தத்தில் சேராது, ஊசி வழியாகத்தான் ஏற்ற வேண்டும். ஒரு கிராம் ஏற்ற ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. அவசரமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். சிறுநீரகத்தையும் பாதிக்கலாம் என்பதால் இடையிடையே இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. 2002-ல் அமெரிக்காவில், வாலின் நுனியையே மாற்றிக்கொண்ட கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. அதை வான்கோமைசினால் பிடிக்க முடியாது. அப்படிப்பட்டவை இன்றும் அபூர்வம்தான். கண்டபடி பயன்படுத்தினால் அவை பெருக இடம் கொடுத்ததாகிவிடும்.

எப்படித் தெரிந்துகொள்வது?

சீழைச் சோதனைக்கு அனுப்பினால் இரண்டு, மூன்று நாளில் ரிப்போர்ட் வரும். அதில் 'செஃபாக்சிட்டின்' என்ற பெயருக்கு நேராக 'ஆர்' என்று இருந்தால் கொத்தனாரை மாற்றிய கிருமி என்று பொருள். 'எஸ்' என்றால் சாதாரணக் கிருமி. 'ஆர்' வந்த எல்லோருக்கும் வான்கோமைசின் வேண்டியதில்லை. சின்னக் கட்டியைக் கீறிச் சீழை எடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ரிப்போர்ட்டில் 'எஸ்' என்று வந்த வேறு வகை மாத்திரையும் சிலருக்குப் போதும். காய்ச்சலோடு கிருமி இரத்தத்திலோ எலும்பிலோ இறங்கியவர்களுக்குத்தான் வான்கோமைசின் முக்கியமாகத் தேவைப்படுகிறது.

ஆக, நம் உறுப்பினருக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: டிரிப்ஸை முதலில் போட்டிருக்க வேண்டியதில்லை, சீழ்ச் சோதனையை முதலில் செய்திருக்க வேண்டும். மாத்திரை தொடங்கி இரண்டு, மூன்று நாளில் வீக்கம் குறையாவிட்டால் கடையில் மாத்திரையை மாற்றி வாங்காதீர்கள். "சீழை டெஸ்டுக்கு அனுப்பலாமுங்களா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்த ரிப்போர்ட்டைக் குழுப் பாஸ்புக்கோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை புண் வந்தால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.