முக்கோணத்தின் கோணம், வெக்டரின் வால்

மேல்நிலை வகுப்புத் தாளில் வழக்கமாக வரும் ஒரு கணக்கைப் பார்ப்போம். A(2, −1, 3), B(1, 1, 1), C(3, 3, 0) என்ற மூன்று புள்ளிகள் ஒரு முக்கோணத்தின் முனைகள். B என்ற முனையில் உள்ள கோணம் என்ன?

வெளியில் மிதக்கும் மூன்று புள்ளிகளுக்கு இடையே கோணமானி வைக்க முடியாது. புள்ளிப் பெருக்கல் அந்த வேலையைச் செய்கிறது. இரண்டு வெக்டர்களின் கூறுகளை x-ஐ x-ஓடும், y-ஐ y-ஓடும், z-ஐ z-ஓடும் பெருக்கிக் கூட்டினால் வருவது ஒரு வெறும் எண். அந்த எண்ணே இரு நீளங்களையும் இடைப்பட்ட கோணத்தின் கொசைனையும் பெருக்கினாலும் வரும்:

a·b = |a| |b| cos θ

இடப்பக்கம் எளிய பெருக்கல் கூட்டல்தான். அதிலிருந்து வலப்பக்கத்தில் ஒளிந்திருக்கும் கோணம் கிடைத்துவிடுகிறது.

நம் கணக்கில் BA = (1, −2, 2), BC = (2, 2, −1). புள்ளிப் பெருக்கல் 2 − 4 − 2 = −4. இரண்டின் நீளமும் √9, அதாவது 3. ஆகவே cos θ = −4/9; கோணம் ஏறத்தாழ 116.4°. கொசைன் குறை எண்ணாக வந்ததுமே கோணம் விரிகோணம் என்று தெரிந்துவிடும். அது 1-ஐத் தாண்டினாலோ −1-க்குக் கீழே போனாலோ எங்கோ கணக்குப் பிசகியிருக்கிறது என்று பொருள்.

பலர் சறுக்குவது இதற்கும் முன்னால். முக்கோணத்தை A, B, C என்று சுற்றிவரும் பழக்கத்தில் AB, BC என்ற வெக்டர்களை எடுத்துவிடுகிறார்கள். AB-யின் வால் A-யில் இருக்கிறது, B-யில் அல்ல. அப்போது குறி மாறி cos θ = 4/9 ஆகும்; விடை 63.6°. இது B-க்கு வெளியே உள்ள கோணம், 180°-இலிருந்து உண்மையான கோணத்தைக் கழித்தால் வருவது. கூட்டல் பெருக்கல் எல்லாம் சரியாக இருப்பதால் சரிபார்க்கும்போதும் இந்தப் பிழை கண்ணில் படாது. வால்கள் இரண்டும் ஒரே முனையில் இருக்கின்றனவா என்று முதலிலேயே பார்த்துக்கொள்வதுதான் வழி.

இப்போது C-யை (3, 3, 2)-க்கு நகர்த்துவோம். BC = (2, 2, 1) ஆகிறது. பெருக்கல் 2 − 4 + 2 = 0. 90°-இன் கொசைன் சுழி என்பதால் BA-வும் BC-யும் செங்குத்து. நீளம் காண வேண்டாம், வர்க்கமூலம் வேண்டாம், கோணமும் தேட வேண்டாம். இங்கே AB என்று தவறி எடுத்திருந்தாலும் விடை கெடாது. சுழிக்குக் குறி கிடையாது, செங்கோணத்தின் வெளிக்கோணமும் செங்கோணமே.

ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு வெக்டர்களும் பூச்சிய வெக்டராக இருக்கக் கூடாது. நீளமே இல்லாத வெக்டருக்கு எதனோடு பெருக்கினாலும் சுழிதான் வரும்; அதற்குத் திசை இல்லாததால் கோணம் பற்றிய கேள்வியே எழாது.

தாள்களில் இதே சோதனை தலைகீழாகவும் வரும். (1, −2, 2), (4, λ, 1) ஆகியவை செங்குத்து எனில் λ என்ன? 4 − 2λ + 2 = 0; λ = 3.