அந்த 20 நாள் சுழற்சி யாருடையது?

ஒரு பங்கின் பதினாறு நாள் விலை இது: 500, 509, 516, 519, 520, 521, 524, 531, 540, 549, 556, 559, 560, 561, 564, 571. எந்தக் கம்பெனியின் விலையும் இல்லை. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நானே கோத்த எண்கள்.

ஒரு நாள்கூட விலை இறங்கவில்லை. சார்ட்டில் போட்டால் லேசாக நெளிந்தபடி மேலே போகும் ஒரு கோடு, அவ்வளவுதான். ஆனால் இதற்குள் எட்டு நாளுக்கு ஒருமுறை எழுந்து விழும் அலை ஒன்று இருக்கிறது. வைத்தவன் நான் என்பதால் எனக்குத் தெரியும். நாளொன்றுக்கு ஐந்து ரூபாய் சீரான ஏற்றம். அதன்மேல் ஆறு ரூபாய் உயர்ந்து ஆறு ரூபாய் தாழும் அலை. ஏற்றத்தின் வேகம் அதிகம். அதனால் அலை தாழும் நாட்களில்கூட விலை குறைவதில்லை, ஏறும் வேகம் மட்டும் குறைகிறது. அலை எங்கே உச்சம் தொட்டது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

சந்தைக்காரர்கள் இந்த ஏற்றத்தை ‘ட்ரெண்ட்’ என்பார்கள். அதைக் கழித்துவிட்டு மிஞ்சும் அலையை மட்டும் காட்டுவதற்கென்றே ஒரு இண்டிகேட்டர் உண்டு. டிட்ரெண்டட் பிரைஸ் ஆசிலேட்டர், சுருக்கமாக டிபிஓ. ஆர்எஸ்ஐ, எம்ஏசிடி அளவுக்குப் பேர் போனதல்ல. ஆனால் சார்ட் தளங்களின் பட்டியலில் தேடினால் கிடைக்கும்.

இது செய்வது ஒரே ஒரு கழித்தல். சில நாட்களின் நகரும் சராசரியை எடுக்கிறது. அந்தச் சராசரியை இன்றைய விலையோடு ஒப்பிடாமல், ஏறக்குறைய பாதி நாள் பின்னால் இருந்த விலையோடு ஒப்பிடுகிறது. 20 நாள் சராசரி என்றால் சூத்திரம் இப்படி:

```
DPO = Close[11] - SMA(20)
```

11 என்பது 20-இல் பாதியோடு ஒன்று கூட்டியது. அதாவது 11 நாளுக்கு முந்தைய முடிவு விலை. ஏன் பழைய விலை? கடந்த 20 நாள் சராசரி என்பது இன்றைய நிலவரத்தைச் சொல்வதில்லை. அந்த 20 நாட்களின் நடுப்பகுதி எந்த மட்டத்தில் இருந்தது என்பதைத்தான் சொல்கிறது. நடுவில் இருந்த விலையை நடுவின் சராசரியோடு ஒப்பிட்டால்தான், அன்று விலை தன் ட்ரெண்டுக்கு மேலே நின்றதா, கீழே நின்றதா என்பது தெரியும்.

நம் பங்குக்கு எட்டு நாள் சராசரி வைத்துப் பார்ப்போம். முதல் எட்டு விலைகளின் கூட்டுத்தொகை 4140, சராசரி 517.50. எட்டில் பாதி நான்கு, கூட ஒன்று, ஐந்து. எட்டாம் நாளிலிருந்து ஐந்து நாள் பின்னால் போனால் மூன்றாம் நாள், விலை 516. கழித்தால் மைனஸ் 1.50. அடுத்த நாள் சராசரி 522.50, நான்காம் நாள் விலை 519, விடை மைனஸ் 3.50. இப்படியே போனால் வரிசை மைனஸ் 7.50, 11.50, 13.50 என்று ஆழமாகி, பிறகு 11.50, 7.50, 3.50 என்று மேலேறி, பதினோராம் நாளுக்கு மறுபடி மைனஸ் 1.50-இல் வந்து நிற்கிறது.

முகடு மூன்றாம் நாள். அடுத்த முகடு பதினோராம் நாள். இடையில் எட்டு நாள். ஒளித்து வைத்த அலை அகப்பட்டுவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? எல்லா விடையும் மைனஸ். எட்டு நாட்களின் சரியான நடு, நான்காம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் இருக்கிறது. சூத்திரமோ மூன்றாம் நாளுக்குப் போய்விடுகிறது. ஒன்றரை நாள் விலகல், நாளுக்கு ஐந்து ரூபாய் ஏற்றம், ஆக 7.50 ரூபாய் அளவுக்குக் கோடு முழுவதுமே கீழே இறங்கிவிட்டது. வேகமாக ஏறும் சந்தையில் டிபிஓ கோடு இப்படிப் பூஜ்ஜியத்துக்குக் கீழே தங்குவது சகஜம். கோடு பூஜ்ஜியத்தைத் தாண்டினால் வாங்கு, இறங்கினால் விற்றுவிடு என்று சொல்பவர்கள் உண்டு. என் கருத்தில் இந்த இண்டிகேட்டரைத் தவறாகப் பயன்படுத்த அதைவிடச் சுலபமான வழி இல்லை. முகட்டுக்கும் முகட்டுக்கும், பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள தூரத்தை அளப்பதற்கான கருவி இது. கோடு மொத்தமாக மேலேயோ கீழேயோ நகர்ந்தாலும் அந்தத் தூரம் மாறுவதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டிபிஓவில் இன்றைக்கு விடை கிடையாது. 20 நாள் அமைப்பில் கடைசி 11 நாட்களுக்குக் கோடே வராது. வலது ஓரம் காலியாக இருப்பதைப் பார்த்து, ஏதோ கோளாறு என்று நினைப்பவர்கள் உண்டு. ட்ரேடிங்வியூ தளத்தில் `Centered` என்று ஒரு பெட்டி இருக்கும். அதை டிக் செய்தால் நான் சொன்ன கணக்கு வரும். டிக் இல்லாவிட்டால் இன்றைய விலையிலிருந்து 11 நாள் பழைய சராசரியைக் கழித்துக் காட்டும். கோடு இன்றுவரை வந்துவிடும்தான், ஆனால் நடுவோடு நடுவை ஒப்பிடும் நியாயம் போய்விடும். சுழற்சியை அளக்க வேண்டுமென்றால் டிக் செய்துகொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது நான் அலையை வைத்து நானே எடுத்த கதை. நிஜச் சந்தையில் அலை இருக்கிறதா என்பதே கேள்வி. டிபிஓவின் பெரிய வில்லங்கம் இங்கேதான் தொடங்குகிறது: அலை இல்லாத இடத்திலும் இது அலையைக் காட்டும்.

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம். எக்செல் தாளில் B2 கட்டத்தில் 500 என்று போடுங்கள். B3-இல் கீழே உள்ள முதல் வரியை அடித்து 500 வரிசைவரை இழுத்துவிடுங்கள். இரண்டாவது வரியை C10-இல் போட்டு, B பத்தியில் கடைசி 11 விலைகளுக்கு முன்னால் வரை இழுங்கள்.

```
=B2+IF(RAND()<0.5,-1,1)
=B10-AVERAGE(B2:B21)
```

முதல் வரி நாணயம் சுண்டுவது. தலை விழுந்தால் ஒரு ரூபாய் ஏற்றம், பூ விழுந்தால் ஒரு ரூபாய் இறக்கம். நேற்றைக்கும் இன்றைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சுழற்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டாவது வரி 20 நாள் டிபிஓ. C பத்தியைக் கோட்டுப் படமாகப் போட்டுப் பாருங்கள். முகடும் பள்ளமுமாக, அலை போலவே ஏறி இறங்கும். F9 விசையைத் தட்டினால் புதிய நாணயங்கள், புதிய அலை. முகடுகளின் இடைவெளி ஒரே சீராக இராது. ஒன்று 13 நாள் இருக்கும், இன்னொன்று 28 இருக்கும். ஆனால் எல்லா அலைநீளங்களிலும் எது அதிகப் பலத்தோடு வெளிப்படுகிறது என்று கணக்குப் போட்டால் விடை ஏறக்குறைய 20 நாள். சராசரிக்கு நீங்கள் எந்த எண்ணைக் கொடுத்தீர்களோ அதை ஒட்டிய எண்.

காரணம் இல்லாமல் இல்லை. சராசரியைக் கழிப்பது ஒரு சல்லடை மாதிரி. 20 நாள் டிபிஓவில் 20 நாள் அலை முழுசாக வெளியே வரும். 40 நாள் அலையில் சுமார் ஐந்தில் இரண்டு பங்குதான் மிஞ்சும். 80 நாள் அலையில் சுமார் ஏழில் ஒரு பங்கு. குறுகிய அலைகள் கழிபடுவதில்லை. 14 நாள் அலையோ இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகவே தெரியும். நாணயம் சுண்டிய விலையில் நீண்ட அசைவுகள் பெரியவை, குறுகியவை சிறியவை. நீண்டவற்றை இது நீக்கிவிடுகிறது, குறுகியவை ஏற்கெனவே சின்னவை. மிச்சத்தில் தூக்கலாக நிற்பது, நாம் கொடுத்த எண்ணை ஒட்டிய அலைதான்.

இதை முதலில் எடுத்துக் காட்டியவர்களில் ஒருவர் யூஜின் ஸ்லுட்ஸ்கி. மாஸ்கோவில் நிகோலாய் கோண்ட்ராடியெவ் தலைமையில் இருந்த பொருளாதார ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர். பொருளாதாரத்தில் சுமார் ஐம்பது ஆண்டு நீளும் அலைகள் உண்டு என்று சொன்ன அதே கோண்ட்ராடியெவ்தான். அவருடைய நிலையத்திலிருந்தே ஸ்லுட்ஸ்கி 1927-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அரசு லாட்டரிக் குலுக்கலில் விழுந்த எண்களின் கடைசி இலக்கங்களை எடுத்தார். அடுத்தடுத்த பத்து இலக்கங்களைக் கூட்டி, ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே போனார். வந்த கோட்டை 1855 முதல் 1877 வரையிலான இங்கிலாந்தின் வணிகச் சுழற்சிக் குறியீட்டின் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஆச்சரியப்படும்படி ஒத்துப்போயின. லாட்டரி எண்களில் எந்தச் சுழற்சியும் கிடையாது. கூட்டலே அலையை உண்டாக்கியது. நம் டிபிஓவையும் பிரித்துப் பார்த்தால், அருகருகே உள்ள நாட்களின் ஏற்ற இறக்கங்களை வெவ்வேறு அளவில் பெருக்கிக் கூட்டிய தொகைதான் அது.

அப்படியானால் உண்மை அலையையும் கருவி பெற்ற அலையையும் பிரித்தறிய வழி? எண்ணை மாற்றிப் பார்ப்பதுதான். எக்செல் தாளில் 20 நாளுக்குப் பதில் 40 நாள் வையுங்கள். C பத்தியை அழித்துவிட்டு, C20 கட்டத்தில் `=B20-AVERAGE(B2:B41)` என்று போட்டு இழுங்கள். நாணய விலையில் பெரிய முகடுகள் முன்பைவிட விலகிப்போகும். நீங்கள் கொடுத்த எண் நீண்டதால் அலையும் நீள்கிறது. இப்போது முதலில் பார்த்த பங்கை, அதே அலை தொடர்ந்து வருவதாக வைத்துக்கொண்டு, எட்டுக்குப் பதில் 12 வைத்தும் 16 வைத்தும் பாருங்கள். முகட்டிலிருந்து முகடு எட்டு நாள்தான். நிஜமாகவே அலை இருந்தால் கருவியின் எண்ணை நீட்டினாலும் அது தன் நீளத்தை விட்டுக்கொடுக்காது. நீட்டித்தான் பார்க்க வேண்டும் என்பது முக்கியம்; அலையைவிடச் சிறிய எண்ணைக் கொடுத்தால் டிபிஓ அலையையே ட்ரெண்ட் என்று எடுத்துக்கொண்டு கழித்துவிடும்.

இதிலும் தேறினால், சார்ட்டை இரண்டாக வெட்டி முதல் பாதியில் வந்த நீளம் இரண்டாம் பாதியிலும் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு முகடுகளை வைத்து முடிவுகட்ட வேண்டாம். தக்காளி, வெங்காயம் மாதிரி விளைச்சலைச் சார்ந்த பொருட்களில் ஆண்டுச் சுழற்சி இந்தச் சோதனைகளில் தேற வாய்ப்பு அதிகம். அங்கே விதைப்பும் அறுவடையும் இருக்கின்றன, விலை சுற்றிவர ஒரு காரணம் இருக்கிறது. ஒரு கம்பெனிப் பங்கு 20 நாளுக்கு ஒருமுறை எழுந்து விழ என்ன காரணம் என்று யோசித்தால் பெரும்பாலும் பதில் கிடைக்காது.

‘இந்தப் பங்குக்கு 20 நாள் சுழற்சி, அடுத்த பள்ளம் வரும் வியாழக்கிழமை’ என்று யாராவது உங்களிடம் சார்ட்டை நீட்டினால் பணத்தை எடுக்காதீர்கள். அமைப்பில் உள்ள 20-ஐ 40 ஆக்கிக் காட்டச் சொல்லுங்கள்.