எண்ணிப் பார்ப்போம் – 9: இருபத்து மூன்று பேர் போதும்

2014-இல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துக்கு 32 நாடுகள் வந்திருந்தன. அணிக்கு 23 வீரர்கள். ஃபிஃபா வெளியிடும் வீரர் பட்டியலில் பிறந்த தேதியும் இருக்கும். போட்டி தொடங்கும் நேரத்தில் பிபிசி அந்தப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வோர் அணியாகப் பார்த்தது. ஒரே நாளில் பிறந்தநாள் கொண்டாடும் இருவராவது இருந்த அணிகள் 16. சரிபாதி!

ஆண்டுக்கு 365 நாள். பாதி வாய்ப்புக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் 365-ஐப் பாதியாக்கி 183 என்பார்கள். கணக்கோ 23 என்கிறது. இது எப்படி என்று நாமே எண்ணிப் பார்த்துவிடலாம்.

முதலில் சின்னதாக ஒரு கணக்கு. தேதியை விட்டுவிட்டு, பிறந்த கிழமையை மட்டும் எடுத்துக்கொள்வோம். மூன்று பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஏழு கிழமைகளில் ஏதோ ஒன்று. ஆக மொத்தம் 7 × 7 × 7 = 343 விதமாக அமையலாம். இதில் எத்தனை விதங்களில் குறைந்தது இருவருக்காவது ஒரே கிழமை?

நேராக எண்ணத் தொடங்கினால் இப்படித்தான் போவோம். மூன்று பேரில் மூன்று ஜோடிகள் உண்டு. ஒரு ஜோடிக்குக் கிழமை ஒத்துப்போக ஏழு வழி. மீதமிருக்கும் ஒருவருக்கு எந்தக் கிழமையும் இருக்கலாம், அதற்கும் ஏழு வழி. ஆக ஜோடிக்கு 49, மூன்று ஜோடிக்கு 147. இந்த விடை தவறு. மூவருமே செவ்வாய்க்கிழமை பிறந்திருந்தால், அந்த ஒரே அமைப்பை முதல் ஜோடிக்காக ஒரு தடவை, இரண்டாவதுக்காக ஒரு தடவை, மூன்றாவதுக்காக ஒரு தடவை என்று மூன்று முறை எண்ணிவிட்டோம். இப்படி ஏழு அமைப்புகள் இருப்பதால், 14 அதிகமாக வந்துவிட்டது. கழித்தால் 133.

மூன்று பேருக்கே இந்தத் தொல்லை என்றால், 23 பேருக்கு யோசித்துப் பாருங்கள். இரண்டு ஜோடி ஒத்துப்போவது, மூவர் ஒத்துப்போவது, மூவரோடு வேறொரு ஜோடியும் ஒத்துப்போவது என்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அதனால் மறுபக்கத்திலிருந்து எண்ணுவதுதான் புத்திசாலித்தனம். யாருக்கும் யாரோடும் ஒத்துப்போகாத அமைப்புகள் எத்தனை? முதல் ஆளுக்கு ஏழு கிழமையும் திறந்திருக்கிறது. இரண்டாமவருக்கு ஆறு. மூன்றாமவருக்கு ஐந்து. 7 × 6 × 5 = 210. மொத்தம் 343-இல் 210 போனால் மீதி அதே 133. இங்கே இரட்டிப்பாக எண்ண வழியே இல்லை.

பிறந்தநாளுக்கும் இதே வழிதான். பிப்ரவரி 29-ஐ இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம். இரண்டாவது ஆள் முதல் ஆளின் தேதியில் மோதாமல் இருக்க 365-இல் 364 நாள் உண்டு. மூன்றாமவருக்கு 363. இப்படியே ஒவ்வொன்றாகக் குறைந்து, 23-ஆவது ஆளுக்கு 343 நாள் பாக்கி. இந்தப் பின்னங்களை எல்லாம் பெருக்கவேண்டும்:

364/365 × 363/365 × 362/365 × … × 343/365

கால்குலேட்டரில் போட்டுக்கொண்டே வாருங்கள். பத்தாவது ஆள்வரை பெரிதாக எதுவும் நடக்காது. மோதல் இல்லாத வாய்ப்பு 0.88-இல் நிற்கும். அதன்பிறகு சரிவு வேகமெடுக்கிறது. 15 பேரில் 0.75. 20 பேரில் 0.59. 22 பேரில் 0.524. 23-ஆவது ஆள் வந்ததும் 0.493. அதாவது, இருவராவது ஒத்துப்போகும் வாய்ப்பு 50.7 சதவீதம், பாதியைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு பின்னமும் தனியாகப் பார்த்தால் ஒன்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கடைசிப் பின்னம்கூட 0.94. ஆனால் 22 பின்னங்களை அடுத்தடுத்துப் பெருக்கும்போது பாதி கரைந்துபோகிறது.

கணக்கு சரி, ஆனாலும் மனம் ஏன் ஒப்புக்கொள்ள மறுக்கிறது? கேள்வியைக் கேட்டவுடன் நாம் நம்மை நடுவில் வைத்துக்கொள்கிறோம் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ‘என் பிறந்தநாளில் பிறந்தவர் இந்தக் கூட்டத்தில் இருப்பாரா’ என்று கேட்டால், மற்ற 22 பேரோடு 22 ஒப்பீடுதான். வாய்ப்பு ஆறு சதவீதத்தைக்கூட எட்டாது. ஆனால் கேள்வி என்னைப் பற்றியதே அல்ல. யாராவது இருவரைப் பற்றியது. 23 பேரில் ஒவ்வொருவரும் மற்ற 22 பேரோடு ஒப்பிடப்படுகிறார்கள்: 23 × 22 = 506. இதில் ஒவ்வொரு ஜோடியும் இரண்டு முறை வருவதால் பாதி, 253. ஆள் எண்ணிக்கை 23-தான். ஒத்துப்போகக் கிடைக்கும் சந்தர்ப்பங்கள் 253.

இந்த 253 இன்னோர் இடத்திலும் தலைகாட்டும். உங்கள் பிறந்தநாளையே குறிப்பாகத் தேடினால், பாதி வாய்ப்புக்கு எத்தனை பேரைக் கேட்கவேண்டும்? 364/365-ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கிப் பாருங்கள். 253-ஆவது ஆளிடம்தான் அது பாதிக்குக் கீழே இறங்கும். அதே எண்! 365-இல் ஒரு பங்கு வாய்ப்புள்ள முயற்சிகள் ஏறத்தாழ 253 சேர்ந்தால் பாதி வந்துவிடும். உங்களுக்காகத் தேடும்போது அதற்கு 253 ஆட்கள் தேவை. கூட்டத்துக்குள் தேடும்போது 23 பேரே அத்தனை ஜோடிகளைத் தந்துவிடுகிறார்கள். ஆட்கள் இரட்டிப்பானால் ஜோடிகள் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதால், 40 பேர் உள்ள வகுப்பில் வாய்ப்பு 89 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது.

இங்கே ஒரு குறுக்குவழி ஆசை காட்டும்: 253-ஐ 365-ஆல் வகுத்தால் 69 சதவீதம்தானே, 50.7 எங்கிருந்து வந்தது? கிழமைக் கணக்கில் 147 வந்த அதே கோளாறுதான். 0.69 என்பது ஓர் அணியில் சராசரியாக எதிர்பார்க்கும் ஜோடிகளின் எண்ணிக்கை. சில அணிகளில் இரண்டு ஜோடி இருக்கும், பலவற்றில் ஒன்றுகூட இருக்காது. பிரேசிலுக்கு வந்த 32 அணிகளுக்குக் கணக்குப்படி 22 ஜோடி வரவேண்டும். பொருத்தம் இருந்த 16 அணிகளில் ஐந்தில் இரண்டிரண்டு ஜோடி இருந்தன, ஆக 21.

எல்லா நாளும் சம அளவில் குழந்தைகள் பிறப்பதில்லையே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சில மாதங்களில் பிறப்பு கூடுதல். இளையோர் கால்பந்தில் ஜனவரி முதல் தேதியை வைத்து வயது பிரிப்பதால், ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்கள் அணிகளில் அதிகம். ஆனால் தேதிகள் எங்கே குவிந்தாலும் மோதும் வாய்ப்பு கூடுமே தவிரக் குறையாது. சமமாகப் பரவியிருப்பதுதான் மோதலுக்கு மிகவும் சாதகமற்ற நிலை. நம் ஊரில் பழைய தலைமுறையில் பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியரே ஒரு தேதியைப் போட்டுவிடுவார். அப்படிப்பட்ட பதிவேட்டில் 23 பேர்கூடத் தேவைப்படாது. இரட்டையர் இருக்கும் வகுப்பில் சோதனைக்கே அர்த்தமில்லை. அந்த இருவரில் ஒருவரை நீக்கிவிட்டு எண்ணவேண்டும்.

உங்களுக்கு ஒரு கணக்கு: தேதியை விட்டுவிட்டுப் பிறந்த மாதத்தை மட்டும் பாருங்கள். பன்னிரண்டு மாதங்களும் சமவாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், இருவராவது ஒரே மாதத்தில் பிறந்திருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்ட எத்தனை பேர் வேண்டும்? 12 × 11 × 10 என்று தொடங்குங்கள். விடை அடுத்த வாரம்.